செஞ்சி மலைகளை அளந்து வரைவது எப்படி?

செஞ்சி ஊரின் மேற்கு விளிம்பில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டால், மூன்று மலைகளும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் சந்திரகிரி, இரண்டுக்கும் நடுவே சற்றுப் பின்வாங்கி ராஜகிரி. அங்கே நிற்கும் யாரிடமாவது தாளையும் பென்சிலையும் கொடுத்து, தெரிவதை வரையச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் தாளின் உச்சியைத் தொடும் கூர்மையான மூன்று முக்கோணங்களை வரைவார்கள். கோட்டையின் வாசலும் கொத்தளமும் அழகாக வந்திருக்கும். ஆனால் எந்த மலை எவ்வளவு உயரம், எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, பாறை எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் படத்திடம் கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் படம் வேறு வகை. நிலவியல், புவியியல் படிப்பவர்கள் களத்துக்குப் போனதும் நோட்டில் முதலில் போடுவது அதைத்தான். நிலத்தின் உருவத்தைக் கோடுகளாக மட்டும் எடுத்து, அளவு பிசகாமல் தாளில் இறக்கி, ஒவ்வொரு பகுதியிலும் அது என்ன என்று எழுதிவைக்கும் கோட்டுப்படம் அது. ஓவியத் திறமை அதற்கு அவசியமே இல்லை. ஒரு ஸ்கேலும் கொஞ்சம் நூலும் போதும்.

கையில் போன் இருக்கும்போது படம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. புகைப்படமும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் புகைப்படத்தில் மின்கம்பியும் பாறை விரிசலும் ஒரே முக்கியத்துவத்தோடு விழுகின்றன. வரைகிறவர் கம்பியை விட்டுவிட்டு விரிசலை எடுக்கிறார், எடுப்பதற்காக அதை உற்றுப் பார்க்கிறார். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பற்றி கிளாரன்ஸ் டட்டன் 1882-இல் வெளியிட்ட ஆய்வு நூலோடு வந்த வரைபடத் தொகுதியில், வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் வரைந்த அகன்ற நிலக்காட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பாறை அடுக்கையும் ஓரம் விடாமல் கண்ணால் தொடர்ந்து போகலாம். புகை மூட்டமும் நிழலும் சேர்ந்துவிடும் புகைப்படத்தில் அந்தத் தெளிவு கிடைப்பது அரிது.

இனி செஞ்சிக்கு வருவோம். போக வேண்டியது காலையில், ஒன்பது மணிக்கு மேல். நாம் பார்ப்பது மேற்கு நோக்கி என்பதால் மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மலை முழுக்கக் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். விடிந்த உடனே போனாலும் பயனில்லை. வெயில் நேர் முகத்தில் விழுவதால் மேடுபள்ளம் எல்லாம் சப்பையாகத் தெரியும். சூரியன் கொஞ்சம் ஏறிய பிறகு பாறைகளுக்கு அடியில் நிழல் விழும், அப்போதுதான் ஒரு பாறை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிந்து தெரியும்.

இப்போது அளவு. ஸ்கேலின் முனையில் இருக்கும் துளையில் நூலைக் கட்டி, 57 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் வைத்துப் பிடித்து, நூல் விறைப்பாகும் வரை ஸ்கேலை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி மலையைப் பாருங்கள். 57 என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தூரத்தில் ஸ்கேலின் ஒரு சென்டிமீட்டர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாகைக் கோணமாக அமைகிறது. அதனால் ஸ்கேல் ஒரே நேரத்தில் அளவுகோலாகவும் கோணமானியாகவும் வேலை செய்கிறது. நூல் இல்லாமல் வெறும் கையை நீட்டி அளந்தால், ஒருமுறை முழங்கை மடங்கியிருக்கும், மறுமுறை நீண்டிருக்கும். அதே மலை முதலில் ஏழு சென்டிமீட்டராகவும் பிறகு எட்டரையாகவும் வரும். அளவு பிசகுவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

ராஜகிரியின் உச்சி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்படி ஓர் இடத்தை போனில் உள்ள வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்தால், சமவெளியிலிருந்து உச்சி வரை சுமார் 7 சென்டிமீட்டர் வரும். அடுத்து ஸ்கேலைக் கிடையாகத் திருப்பி, மூன்று மலைகளின் மொத்த அகலத்தைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். சந்திரகிரியின் இடது அடிவாரத்திலிருந்து அதன் உச்சி வரை, உச்சியிலிருந்து நடுவே உள்ள தாழ்வு வரை, அங்கிருந்து ராஜகிரியின் உச்சி வரை என்று போக வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முகத்தையும் ஸ்கேலையும் சேர்த்தே திருப்புங்கள். முகத்தைத் திருப்பாமல் ஸ்கேலை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினால் ஓரத்து மலைகள் நிஜத்தைவிட அகலமாகிவிடும். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் நாற்பது சென்டிமீட்டர் வருகிறது என்று கொள்வோம். ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அகலம் முப்பதுக்கும் குறைவு. குறிப்பு எழுத இரண்டு ஓரத்திலும் இடம் வேண்டும். ஆகவே எல்லா அளவையும் பாதியாக்கி, தாளில் இருபது சென்டிமீட்டர் அகலத்துக்குள் வரைவது என்று முடிவுசெய்கிறோம். ராஜகிரியின் உயரம் மூன்றரை சென்டிமீட்டர். அகலத்தைப் பாதியாக்கிவிட்டு உயரத்தை மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

இந்த இடத்தில்தான் புதிதாக வரைபவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. என்னோடு வந்த கல்லூரி மாணவி ஒருவர் புள்ளிகளை எல்லாம் வைத்துவிட்டு, பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்.

"சார், எங்கயோ தப்பா அளந்துட்டேன். மலை இவ்ளோ குட்டையாவா இருக்கு?"

"மறுபடி அளந்து பாரும்மா."

மறுபடி அளந்தார். அதே ஏழு. அவர் அளந்ததில் தவறே இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஒன்றைப் பார்த்ததும் நம் மனம் அதன் உயரத்தைக் கூட்டிக்கொள்கிறது. கண்மதிப்பில் வரையும் எல்லா மலைகளும் நிஜத்தைவிட உயரமாகத்தான் விழுகின்றன, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று. ஸ்கேல் சொல்வதும் மனம் சொல்வதும் மோதும்போது ஸ்கேலைத்தான் நம்ப வேண்டும். நிலக்காட்சி வரைவதில் வேறு எந்த விதியை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

அளவு சரிதானா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஸ்கேலில் வந்த உயரத்தை 57-ஆல் வகுத்து, மலையின் தூரத்தால் பெருக்குங்கள். 7-ஐ 57-ஆல் வகுத்து 2,000 மீட்டரால் பெருக்கினால் சுமார் 245 மீட்டர். ராஜகிரி சமவெளியிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர், அதாவது 800 அடி உயர்ந்து நிற்கும் மலை. மிக நெருக்கமாக வந்துவிட்டது. இதுவே 400 என்று வந்திருந்தால் ஸ்கேலையோ தூரத்தையோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று புரிந்துகொள்ளலாம்.

உச்சிகளும் தாழ்வுகளும் புள்ளிகளாக விழுந்த பிறகு, தாளில் முதலில் போட வேண்டிய கோடு மலையின் கோடு அல்ல. கண்மட்டக் கோடு. நம் கண்ணின் உயரத்தில் படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராகப் போகும் கிடைக்கோடு அது. சமவெளியில் நின்று பார்க்கும்போது மூன்று மலைகளின் அடிவாரமும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டிலேயே வந்து உட்காரும். பலரும் இதை நம்புவதில்லை. பின்னால் இருக்கும் மலையின் அடிவாரத்தை மேலே தூக்கி, முன்னால் இருப்பதைக் கீழே இறக்கி, மேலிருந்து பார்த்ததுபோல வரைந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். தரையிலிருந்து நம் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் வரப்பு, ஸ்கேலில் கண்மட்டக் கோட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே தெரியும். முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஏரிக்கரையின் அடி மூன்று மில்லிமீட்டர்தான் கீழே. இரண்டு கிலோமீட்டர் தூரத்து அடிவாரம் அரை மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். நமக்கும் மலைக்கும் இடையே கிடக்கும் வயல், ஏரி, சாலை எல்லாம் ஒரு மெல்லிய பட்டைக்குள் நசுங்கிப் போவது இதனால்தான். அந்த நிலத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் பட்டையை இழுத்துப் பெரிதாக்காமல், ஒரு மேட்டில் ஏறி நின்று வேறொரு படம் போட வேண்டும்.

முன்னால் நிற்கும் மரங்களில் நேர்மாறான தவறு நடக்கும். மலை பெரியது, மரம் சிறியது என்ற அறிவு கையைப் பிடித்துக்கொண்டு, மரங்களைப் புல் அளவுக்கு வரையவைக்கும். அந்தப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. பதினைந்து மீட்டர் உயரப் பனை ஒன்று முந்நூறு மீட்டர் தள்ளி நின்றால் ஸ்கேலில் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் வரும். ராஜகிரிக்கு வந்தது ஏழு. கிட்டத்தில் நிற்கும் பனை மலையில் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்புவதுதான் சரி. ஒரே ஒரு பனையை அளந்து சரியான இடத்தில் நட்டுவிட்டால், படத்தைப் பார்ப்பவருக்குத் தூரம் தானாகப் புரியும். மற்ற மரங்களைத் தோப்பின் வெளிக்கோடாக மட்டும் காட்டினால் போதும், இலை இலையாக வரைய வேண்டாம்.

சரிவுகளுக்கு ஒரு பாகைமானி உதவும். அதன் நடுப்புள்ளியில் நூல் கட்டி ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பை மலையின் ஓரக்கோட்டோடு பொருத்திப் பிடித்தால் சரிவின் கோணம் தெரியும். உருண்டு விழுந்த கல்லும் மண்ணும் குவிந்து உண்டான சரிவு பெரும்பாலும் 35 பாகையைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் குவியல் தானே சரிந்துவிடும். உங்கள் படத்தில் அப்படிப்பட்ட அடிவாரம் 50 பாகையில் நின்றால், திரும்ப அளக்க வேண்டும். வெறும் பாறை முகம் எவ்வளவு செங்குத்தாகவும் நிற்கலாம், ராஜகிரியின் மேல்பகுதி அப்படித்தான் நிற்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பக்கவாட்டில் விளிம்பாகத் தெரியும் சரிவைத்தான் இப்படி அளக்க முடியும். நம்மை நோக்கி இறங்கும் சரிவு எப்போதும் நிஜத்தைவிடச் செங்குத்தாகத் தோன்றும். அதற்குக் கோணம் எழுதக் கூடாது.

கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிட்டத்தில் இருப்பதற்கு அழுத்தமான கோடு, ராஜகிரிக்கு நடுத்தரம், அதற்கும் அப்பால் தெரியும் குன்றுகளுக்கு மெல்லிய கோடு. பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து நிழல் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அப்படிப் போட்டால் குறிப்பு எழுதவும் இடமிருக்காது, விரிசல்களும் மறைந்துபோகும். சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காட்ட, தண்ணீர் ஊற்றினால் ஓடும் திசையில் நாலைந்து குட்டைக் கோடுகள் இழுத்தால் போதும்.

இனி எழுத்து. படத்துக்கு உயிர் கொடுப்பது இதுதான் என்றாலும் பலர் அவசரமாக முடித்துவிடுவதும் இதைத்தான். எழுத்தைப் படத்துக்குள் நுழைக்காமல் வெளியே, மேலும் கீழும் ஓரங்களிலும், எல்லாமே கிடைமட்டமாக எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு இழுத்து, அது சொல்லும் பொருளின் மேலேயே முடியுங்கள். பொருளுக்குச் சற்று முன்னாலேயே கோடு நின்றுவிட்டால், குறிப்பு பாறையைச் சொல்கிறதா அதன் பின்னால் உள்ள புதரைச் சொல்கிறதா என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. வெட்டும்போல் இருந்தால் குறிப்புகளின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

என்ன எழுதுவது என்பது அதைவிடப் பெரிய விஷயம். 'பாறை' என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது, பாறை என்று படத்திலேயே தெரிகிறது. நிறம், அளவு, வடிவம், சாய்வு, செடிகொடி என்று படம் சொல்ல முடியாததை எழுத வேண்டும். 'உருண்டைப் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று, வெளிர் சாம்பல், வழிந்த நீரின் கறுப்புத் தடங்கள்' என்பது குறிப்பு.

இதிலே நான் விடாப்பிடியாக இருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் கண்டதை ஒரு பக்கமும், அதிலிருந்து ஊகித்ததை மறுபக்கமும் எழுதச் சொல்வேன். படத்துக்கு மேலே கண்டது, கீழே ஊகம். ஊகத்தின் பின்னால் கட்டாயம் ஒரு கேள்விக்குறி. கிருஷ்ணகிரியின் ஓரத்தையே எடுத்துக்கொள்வோம். யாரோ அடுக்கிவைத்ததுபோல உருண்டைப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. பார்ப்பவர்கள் சட்டென்று 'மேலிருந்து உருண்டு வந்த பாறைகள்' என்று எழுதிவிடுவார்கள். அது கண்டதல்ல. கிட்டே போய் நின்று இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கைப் பாருங்கள். ஒரு பாறைக்கும் அதன் கீழ்ப்பாறைக்கும் இடையே கிடையாக ஓடும் இடுக்கு, பக்கத்து அடுக்கிலும் அதே உயரத்தில் தொடர்கிறதா? மேல்பாறையைப் பிளக்கும் செங்குத்து விரிசல், கீழ்ப்பாறையிலும் நேர்கோட்டில் இறங்குகிறதா? தொடர்ந்தால், அவை உருண்டு வந்தவை அல்ல. ஒரே பாறையாக இருந்தது, இருந்த இடத்திலேயே துண்டுபட்டிருக்கிறது.

கருங்கல் பூமிக்கு அடியில் இருக்கும்போதே கிடையாகவும் செங்குத்தாகவும் விரிசல் விடும். விரிசல் வழியே இறங்கும் நீர் கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். ஒரு பக்கத்தைவிட இரண்டு பக்கம் சேரும் விளிம்பிலும், அதைவிட மூன்று பக்கம் சேரும் மூலையிலும் அரிப்பு வேகமாக நடப்பதால் கனசதுரமாக இருந்த துண்டு உருண்டையாகிறது. நொறுங்கிய கரடுமண்ணை மழை அடித்துக்கொண்டு போனபின் உருண்டைகள் மட்டும் அடுக்காக மிஞ்சுகின்றன. உண்மையில் உருண்டு விழுந்தவையும் அடிவாரத்தில் இருக்கும். அவற்றின் விரிசல்கள் கண்டபடி சாய்ந்திருக்கும், அக்கம்பக்கத்துப் பாறையோடு எதுவும் பொருந்தாது. ஆகவே மேல்வரியில் 'இடுக்குகள் இரண்டு அடுக்கிலும் ஒரே மட்டம்' என்றும், கீழ்வரியில் 'இருந்த இடத்திலேயே சிதைந்ததா?' என்றும் எழுதலாம். நாளை ஊகம் தவறென்று தெரிந்தால் கீழ்வரியை மட்டும் அடித்தால் போதும், மேல்வரி அப்படியே நிற்கும். இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் முழுப் படத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் தலைப்பில் எங்கிருந்து பார்த்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, வானம் எப்படி என்று எழுதுங்கள். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் எந்தத் திசையைக் காட்டுகின்றன என்பதைத் திசைகாட்டியில் பார்த்துப் பாகையில் குறியுங்கள். ஓர் அம்பு போட்டு 'வடக்கு' என்று எழுதுவது வரைபடத்துக்குச் சரி, எதிரே பார்க்கும் காட்சிக்கு அது பொருந்தாது. அளவுக்கோடு போடுவதிலும் இதேபோல ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலக்காட்சியில் எல்லாத் தூரத்துக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. பாதியாக்கிய நம் படத்தில், ராஜகிரியின் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 70 மீட்டரைக் குறிக்கிறது. பனை நிற்கும் தூரத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் பத்தரை மீட்டர்தான். எனவே அளவுக்கோட்டின் பக்கத்தில் '100 மீட்டர், ராஜகிரியின் தூரத்தில் மட்டும்' என்று முழுதாக எழுத வேண்டும். தூரத்தைச் சொல்லாத அளவுக்கோடு படத்தில் இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்தப் படத்தால் முடியாதது ஒன்றும் இருக்கிறது. மலையின் பின்பக்கத்தை இது சொல்லாது. ராஜகிரியின் உச்சிக்குப் போகும் பாதை மேலே ஓர் ஆழமான பிளவைப் பாலத்தால் கடக்கிறது. நீங்கள் ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை என்றால் அதைப் படத்துக்குள் கொண்டுவரக் கூடாது. தாளின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு, மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சிறு வரைபடம் போட்டு, அதில் நீங்கள் நின்ற இடம், மூன்று மலைகள், பிளவு ஆகியவற்றைக் குறித்துவிடலாம்.

பென்சில் கோடுகளின் மேல் மை ஏற்றுவதை அன்று மாலையே செய்துவிடுங்கள். அப்போது புகைப்படத்தைப் பார்த்தோ நினைவிலிருந்தோ ஏதாவது சேர்க்க நேர்ந்தால், அதை வேறு நிற மையில் சேர்த்து, ஓரத்தில் அந்த நிறம் எதற்கு என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.